வண்டி போனது, பாலிசி நின்றது: விற்ற காரின் காப்பீட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது எப்படி

காரை விற்றவர் மறுநாளே காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுகிறார்: வண்டியைக் கொடுத்துவிட்டேன், பாலிசியை ரத்து செய்து மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அவர் பார்வையில் இதைவிட எளிய கோரிக்கை இருக்க முடியாது. வண்டி இல்லை, காப்பீடு எதற்கு? ஆனால் மூன்று நாளில் வரும் பதில் அவரைத் திகைக்க வைக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி. நகல் எங்கே, வாங்கியவர் எடுத்த புதிய பாலிசி எங்கே என்று நிறுவனம் கேட்கிறது. என் பணத்தைத் திருப்பித் தர யாரோ ஒருவரின் பாலிசி எதற்கு என்று விற்றவருக்குக் கோபம் வருகிறது. பணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு சாக்கு என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள்.

சில நேரம் அது சாக்காகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு ஆவணங்களைக் கேட்பதற்குப் பின்னால் உள்ள காரணம், நிறுவனத்தைவிட விற்றவரையே அதிகம் காப்பாற்றுகிறது. அதைப் புரிந்துகொள்ள 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைப் பார்க்க வேண்டும்.

வழக்கின் கதை இது. ஒருவர் 2007-இல் தன் காரை விற்றார். வாங்கியவர் அதை இன்னொருவருக்கு விற்றார். அவரிடமிருந்தும் கார் கைமாறிப் போனது. யாரும் ஆர்.சி.யில் பெயரை மாற்றவில்லை. 2009 மே மாதம் பின்னோக்கி எடுக்கப்பட்ட அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். உடன் நடந்து சென்ற பெண் காயமடைந்தார். இழப்பீட்டை யார் கொடுப்பது? காரை விற்று ஏறக்குறைய இரண்டு ஆண்டாகிவிட்டது, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் முதல் உரிமையாளர். பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் அதை ஏற்று, பின்னால் வாங்கியவர் மீது பொறுப்பைச் சுமத்தியது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30)-ஆம் பிரிவுப்படி யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். விபத்தில் பிள்ளையை இழந்த குடும்பம் வண்டி எத்தனை கை மாறியது என்று துப்பறிந்துகொண்டு அலையக் கூடாது என்று நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதினார். காசை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தவர், ஓட்டுநரோடு சேர்ந்து இழப்பீட்டுக்குப் பொறுப்பானார்.

ரத்துக் கோரிக்கையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது தெரியும். வண்டி கைமாறிவிட்டது, ஆர்.சி.யில் இன்னும் விற்றவர் பெயரே இருக்கிறது, வாங்கியவர் வேறு பாலிசி எடுக்கவில்லை. இந்த நிலையில் விற்றவர் பாலிசியை ரத்து செய்துவிட்டால், அடுத்த நாள் நடக்கும் விபத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. பதிவேட்டில் உள்ள பெயர்தான் பொறுப்பேற்கும். நான்கைந்தாயிரம் ரூபாய் ரீஃபண்டுக்காக லட்சக்கணக்கான இழப்பீட்டுச் சுமையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது போலாகும்.

சட்டம் இந்த இடைவெளியை முன்பே யோசித்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 157-ஆம் பிரிவு, வண்டியின் உரிமை மாறும் தேதியிலேயே அதன் காப்பீட்டுச் சான்றிதழும் பாலிசியும் வாங்கியவருக்கு மாறிவிட்டதாகக் கருத வேண்டும் என்கிறது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாலையில் போகிற மூன்றாம் மனிதரைக் காப்பதுதான் இந்தப் பிரிவின் நோக்கம். வண்டி யார் கையில் இருந்தாலும் அடிபட்டவருக்குக் காப்பீடு உயிரோடு இருக்க வேண்டும்.

இந்தத் தானாக மாறும் ஏற்பாடு பாலிசியின் ஒரு பாதிக்குத்தான் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது. வழக்கமாக 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்லப்படும் பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, பிறருக்கு நேரும் சாவு, காயம், சொத்துச் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி. இன்னொன்று, சொந்த வண்டிக்கு ஆகும் சேதத்துக்கும் திருட்டுக்குமான ஓன் டேமேஜ். கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் எதிர் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் வழக்கில் தொண்ணூறுகளின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: 157-ஆம் பிரிவு தேர்டு பார்ட்டிக்கு மட்டுமே. ஓன் டேமேஜ் என்பது நிறுவனத்துக்கும் பாலிசிதாரருக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். நிறுவனம் ஒப்புக்கொண்டு பெயர் மாற்றிக் கொடுத்தால்தான் அது வாங்கியவருக்குப் போகும்.

ஆகவே விற்பனைக்கும் பெயர் மாற்றத்துக்கும் நடுவில் ஓன் டேமேஜ் பகுதி யாருக்கும் பயன்படாமல் தொங்குகிறது. விற்றவருக்கு வண்டியில் எந்த நலனும் இல்லை என்பதால் அவர் கிளைம் கேட்க முடியாது. வாங்கியவருக்கோ ஒப்பந்தமே இல்லை. அந்த நாட்களில் வண்டி மரத்தில் மோதினால் வாங்கியவர் தன் கைக்காசில்தான் சரிசெய்ய வேண்டும். திரும்பக் கேட்க வேண்டிய பணத்தில் விற்றவருக்கு அசைக்க முடியாத நியாயம் இருப்பது இந்தப் பகுதியில்தான். தேர்டு பார்ட்டி பகுதியில் அவருடைய நியாயம், வண்டிக்கு வேறொரு பாலிசி வந்த பிறகே பிறக்கிறது.

மோட்டார் காப்பீட்டுத் துறை நெடுங்காலமாகப் பின்பற்றி வரும் 2002-ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டேரிஃபின் பொது விதிகளும் இதையே சொல்கின்றன. குறைந்தபட்சம் தேர்டு பார்ட்டி அளவிலாவது வண்டிக்கு வேறு இடத்தில் காப்பீடு இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே ஒரு மோட்டார் பாலிசியை ரத்து செய்யலாம். விற்றவர் எரிச்சலோடு பார்க்கும் அந்த 'வாங்கியவரின் புதிய பாலிசி நகல்' இங்கிருந்துதான் வருகிறது. உடைத்து இரும்புக் கடைக்குப் போன வண்டி, பதிவே ரத்தான வண்டி என்றால் இந்தக் கேள்வி எழாது. பதிவு ரத்துச் சான்றே போதும்.

ஆக, வரிசைதான் இங்கே எல்லாமே. முதலில் ஆர்.சி., பிறகு வாங்கியவரின் பாலிசி, கடைசியில் ரத்து.

ஆர்.சி. பெயர் மாற்றத்தில் விற்றவருக்கும் வேலை இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் அவர் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான படிவம் 29. வாங்கியவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம் படிவம் 30. வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு படிவம் 28-இல் என்.ஓ.சி. வேண்டும். கடன் பாக்கியைக் கட்டி முடித்த வண்டியானால் வங்கியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்க படிவம் 35. நம்மூரில் நடப்பது வேறு. கையெழுத்துப் போட்ட வெற்று 29, 30 படிவங்களையும், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட்டையும் கொடுத்துவிட்டு, 'நீங்களே பேர் மாத்திக்குங்க' என்று விற்றவர் கிளம்பிவிடுகிறார். டெலிவரி நோட்டு காவல் நிலையத்தில் ஓரளவு உதவும். விபத்து இழப்பீட்டு வழக்கில் அது 2(30)-ஆம் பிரிவை வெல்லாது.

பழைய கார் வணிகர்களிடம் விற்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் ஒரு வசதி வந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகளின்படி, அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் இணையத்தில் அதைத் தெரிவிக்கலாம். அதன்பின் அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் பெற்ற வணிகராக இருக்க வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. முக்குக்கடை புரோக்கருக்கு இது பொருந்தாது.

பணக் கணக்குக்கு வருவோம். ஒரு கற்பனைக் காரை எடுத்துக்கொள்ளலாம். மதுரையில் ஓடும் 1,197 சிசி கார். புதிய வண்டி அல்ல, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் பாலிசி. பாலிசி 2025 ஏப்ரல் 1-இல் தொடங்கி 2026 மார்ச் 31 நள்ளிரவில் முடிகிறது. ஓன் டேமேஜ் ப்ரீமியம் 9,000 ரூபாய். உரிமையாளர் சில ஆண்டுகளாக கிளைம் எடுக்காததால் 45 சதவீத நோ கிளைம் போனஸ், அதாவது 4,050 ரூபாய் கழிவு. எனவே ஓன் டேமேஜுக்கு அவர் கட்டியது 4,950. தேர்டு பார்ட்டி, 2022 ஜூன் முதல் அமலான கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 3,416. இரண்டும் சேர்ந்து 8,366. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

கார் ஆகஸ்ட் 10 விற்பனையாகிறது. ஆகஸ்ட் 28 ஆர்.சி.யில் பெயர் மாறுகிறது. வாங்கியவர் செப்டம்பர் 1 முதல் வேறு நிறுவனத்தில் பாலிசி எடுக்கிறார். விற்றவர் அதே தேதியிலிருந்து ரத்து கேட்கிறார். பாலிசி ஓடிய நாட்கள் 153, மீதி 212. நாள் கணக்கில் பிரித்தால் 8,366-இல் 365-க்கு 212 பங்கு, அதாவது 4,859 ரூபாய் திரும்ப வேண்டும். அதற்குரிய வரி 875 ரூபாயும் சேர்ந்தால் ஏறக்குறைய 5,734.

விற்றது ஆகஸ்ட் 10 என்றாலும் கணக்கு செப்டம்பர் 1-இலிருந்துதான் தொடங்குகிறது. இதில் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். நடுவில் உள்ள நாட்களில் தேர்டு பார்ட்டி காப்பு உயிரோடு இருந்தது, ஆகஸ்ட் 28 வரை அவர் பெயரும் ஆர்.சி.யில் இருந்தது, அந்த நாட்களுக்கான ப்ரீமியத்தை நிறுவனம் வைத்துக்கொள்வதில் தவறு சொல்ல முடியாது. தாமதத்தின் விலையும் பெரிதில்லை. இந்தக் காருக்கு வரியோடு சேர்த்து ஒரு நாளைக்கு 27 ரூபாய்; ஒரு மாதம் தள்ளிப்போனால் எண்ணூறு சொச்சம்.

இதே கணக்கு சில ஆண்டுகளுக்கு முன் வேறு மாதிரி வந்திருக்கும். பழைய டேரிஃபில் பாலிசிதாரர் தானே ரத்து கேட்டால் நாள் கணக்கு கிடையாது. 'குறுகிய கால விகிதம்' என்ற அட்டவணை. ஒரு மாதம் வரை ஓடியிருந்தால் நிறுவனம் 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் பத்துப் பத்தாக ஏறி, ஐந்து மாதத்துக்கு 60, ஆறு மாதத்துக்கு 70, எட்டு மாதத்துக்கு 90. எட்டு மாதம் தாண்டினால் முழுப் பணமும் போச்சு. நம் மதுரைக் கார் சரியாக ஐந்து மாதம் ஓடியிருக்கிறது. 60 சதவீதம் போக வரிக்கு முன் 3,346 ரூபாய்தான் திரும்பியிருக்கும். நாள் கணக்கைவிட 1,513 ரூபாய் குறைவு. ஒரு நாள் பிந்தி செப்டம்பர் 2 என்று ரத்தாகியிருந்தால் ஆறாம் மாதத்தின் தட்டில் விழுந்து 2,510 ஆகியிருக்கும்.

2024 ஜூன் 11 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பொதுக் காப்பீட்டுக்கான தலைமைச் சுற்றறிக்கையை வெளியிட்டபோது இந்த நிலை மாறியது. தனிநபர் பாலிசிதாரர் எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. ஓராண்டு வரையான பாலிசியில், அந்தக் காலத்தில் கிளைம் எதுவும் எடுக்கப்படவில்லை என்றால் மீதிக் காலத்துக்கான ப்ரீமியத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும். கையில் பழைய பாலிசி வாசகத்தை வைத்துக்கொண்டு குறுகிய கால அட்டவணையைக் காட்டும் கிளை அலுவலருக்கு இந்தச் சுற்றறிக்கையின் தேதியை எழுதிக் காட்டுவது பயன் தரும். காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை மட்டும் சிலர் தவறாகப் படிக்கிறார்கள். வண்டிக்குக் காப்பீடு கட்டாயம் என்ற 146-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. சுற்றறிக்கை அதைத் தளர்த்தவில்லை. மோட்டார் பாலிசியில் மாற்றுக் காப்பீட்டின் நகலைக் கேட்பது அதனால்தான் தொடர்கிறது.

கிளைம் எடுக்கப்படவில்லை என்ற நிபந்தனை கறாரானது. ஏப்ரலில் பம்பர் கீறலுக்கு மூவாயிரம் ரூபாய் கிளைம் வாங்கியவருக்கு ஆகஸ்டில் ரீஃபண்ட் கிடையாது. வண்டியை அந்த ஆண்டில் விற்கப் போகிறோம் என்று தெரிந்தவர் சின்னக் கீறலைத் தன் காசில் பார்த்துக்கொள்வது லாபம். அவர் இழக்கப் போவது ரீஃபண்டை மட்டுமல்ல.

இந்த விவகாரத்தில் பெரிய பணம் ரீஃபண்டில் இல்லை, நோ கிளைம் போனஸில் இருக்கிறது. விற்பவர்களில் பெரும்பாலோர் கோட்டை விடுவது இதைத்தான். இந்தப் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. முதல் ஆண்டு 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50-இல் நிற்கிறது. வண்டியை விற்றாலும் விற்றவரோடுதான் அது வரும். பழைய பாலிசி முடிந்த மூன்று ஆண்டுகளுக்குள் அதே வகை வண்டி வாங்கிக் காப்பீடு செய்தால் அந்த விகிதத்தை அங்கே பயன்படுத்தலாம். நம் மதுரைக்காரர் அடுத்து வாங்கும் புதிய காரின் ஓன் டேமேஜ் ப்ரீமியம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 45 சதவீதம் என்பது 9,000 ரூபாய் கழிவு. ரீஃபண்டாக வந்த 5,734-ஐ விட இது அதிகம். அதற்குத் தேவை, பழைய நிறுவனம் தரும் ஒரே ஒரு காகிதம்: போனஸை நிறுத்திவைத்ததற்கான கடிதம். அதை ரத்து விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்டுவிட வேண்டும். பாலிசி ஐந்து மாதம்தான் ஓடியது என்பதால் விகிதம் 50 ஆகாது. ஓராண்டு முழுதும் கிளைம் இல்லாமல் கழிந்தால்தான் அடுத்த படி. இருக்கும் 45 அப்படியே நிற்கும்.

ரத்து செய்யாமல் பாலிசியையே வாங்கியவர் பெயருக்கு மாற்றிக் கொடுப்பது இன்னொரு வழி. பல சமயம் இருவருக்கும் இதுவே மேல். வாங்கியவர் புதிய முன்மொழிவுப் படிவமும் விற்பனைச் சான்றும் கொடுக்க வேண்டும். ஓன் டேமேஜ் பகுதி மாற விற்றவரின் சம்மதமும் வேண்டும். விற்றவரின் போனஸ் வாங்கியவருக்குப் போகாது என்பதால், ஏற்கெனவே கழித்துக் கொடுத்த தொகையில் மீதிக் காலத்துக்கான பங்கை நிறுவனம் வாங்கியவரிடம் வசூலிக்கும். நம் கணக்கில் 4,050-இல் 212 நாள் பங்கு 2,352. வரியோடு 2,776 ரூபாய். அதைக் கட்டினால் வாங்கியவருக்கு ஏழு மாதக் காப்பு கிடைக்கிறது. விற்றவருக்கு நிறுவனத்திடமிருந்து பணம் வராது. வர வேண்டிய ஐயாயிரத்து எழுநூறை வண்டியின் விலையிலேயே பேசி வாங்கிக்கொள்ளலாம். மூன்று மாதம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருப்பதைவிட இது எளிது. போனஸ் கடிதத்தையும் இழக்க வேண்டியதில்லை. பெயர் மாறிய பிறகு மனம் மாறி ரத்து செய்தால் மட்டும் பணம் புதியவருக்குத்தான் போகும்; அப்போது பாலிசி அவருடையது.

புதிய வண்டிகளை ஓரிரு ஆண்டிலேயே விற்பவர்களுக்கு இந்த இரண்டாம் வழிதான் ஏறக்குறைய ஒரே வழி. அதற்கு ஒரு கோயம்புத்தூர்த் தொடர்பு இருக்கிறது. கங்கா மருத்துவமனையின் எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துச் சாவுகளைப் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் முதல் புதிய கார்களுக்கு மூன்று ஆண்டும் இருசக்கர வண்டிகளுக்கு ஐந்து ஆண்டும் தேர்டு பார்ட்டி காப்பீட்டை ஒரேயடியாக எடுக்க வேண்டும் என்ற உத்தரவு பிறந்தது. முதல் ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்காமலே ஓடும் வண்டிகள் பெருகியதே காரணம். அந்த நோக்கத்தை நினைவில் வைத்தால், நீண்ட காலத் தேர்டு பார்ட்டியை இடையில் ரத்து செய்ய நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன என்பது புரியும். அவற்றின் பாலிசி வாசகங்கள் இதற்குச் சில குறிப்பிட்ட காரணங்களை மட்டுமே ஏற்கின்றன. இரட்டைக் காப்பீடும் வண்டி முழுதாகச் சேதமாவதும் அவற்றில் முக்கியமானவை.

ஒரு 125 சிசி ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஐந்தாண்டுத் தேர்டு பார்ட்டிக்குக் கட்டியது 3,851 ரூபாய். இரண்டாண்டு ஓட்டிவிட்டு விற்றால் இன்னும் மூன்றாண்டு மீதி. வாங்குபவர் தனியாக எடுத்தால் ஆண்டுக்கு 714 வீதம் மூன்றாண்டுக்கு 2,142 ரூபாயும் வரியும் ஆகும். 157-ஆம் பிரிவால் அந்தக் காப்பு வண்டியோடு சேர்ந்தே அவரிடம் வந்துவிடுகிறது. இதைக் காட்டி வண்டி விலையில் ஆயிரத்தைந்நூறோ இரண்டாயிரமோ கூடக் கேட்பது, அதே தொகையை நிறுவனத்திடமிருந்து பெறுவதைவிடச் சுலபம். பழைய ஸ்கூட்டர் பேரத்தில் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பேசுபவர்கள் இதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பது விந்தைதான்.

ரத்து என்றே முடிவானால், விண்ணப்பத்தின் வாசகத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. நம் மதுரைக்காரரின் கடிதம் இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட எண்ணுள்ள காரை 10.08.2025 அன்று விற்றுவிட்டேன். 28.08.2025 முதல் ஆர்.சி. வாங்கியவர் பெயரில் உள்ளது. அவர் 01.09.2025 முதல் தன் பெயரில் வேறு பாலிசி எடுத்துள்ளார். எனவே விற்பனையின் காரணமாக என் பாலிசியை 01.09.2025 முதல் ரத்து செய்து, மீதி 212 நாட்களுக்கான ஓன் டேமேஜ், தேர்டு பார்ட்டி ப்ரீமியத்தையும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யையும் என் வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். இந்தப் பாலிசிக் காலத்தில் கிளைம் எதுவும் எடுக்கவில்லை. 45 சதவீத நோ கிளைம் போனஸை நிறுத்திவைத்து அதற்கான கடிதமும், ரத்து எண்டார்ஸ்மெண்டும், கணக்கீட்டு விவரமும் அனுப்பவும்."

இணைக்க வேண்டியவை: பாலிசி நகல், பெயர் மாறிய ஆர்.சி., வாங்கியவரின் புதிய பாலிசி நகல், ரத்து செய்த காசோலை, அடையாளச் சான்று. வாங்கியவரிடம் அவருடைய பாலிசி நகலைக் கேட்பது விற்பனை முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கடினம். கடைசித் தவணைப் பணம் கைமாறும்போதே அதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

'விற்பனையின் காரணமாக' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. சில முகவர்கள் 'இரட்டைக் காப்பீடு' என்று எழுதச் சொல்கிறார்கள். ஒரே வண்டிக்கு இரண்டு பாலிசி இருப்பதால் அது சரி என்றுதான் தோன்றும். ஆனால் பழைய டேரிஃபின் விதிப்படி இரட்டைக் காப்பீட்டில் பின்னால் தொடங்கிய பாலிசியைத்தான் ரத்து செய்ய வேண்டும். இங்கே பின்னால் தொடங்கியது வாங்கியவருடையது. கோப்பு அந்த அலுவலகத்துக்கும் இந்த அலுவலகத்துக்கும் நடந்துகொண்டே இருக்கும்.

பணம் வந்ததும் எண்டார்ஸ்மெண்டில் இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும். ஓன் டேமேஜ் எதிரே ஒரு தொகை, தேர்டு பார்ட்டி எதிரே ஒரு தொகை இருக்க வேண்டும். இரண்டாவது பூஜ்யமாக இருந்தால், மாற்றுப் பாலிசி நகல் கோப்பில் சேரவில்லை அல்லது நிறுவனம் தேர்டு பார்ட்டிக்கு ரீஃபண்ட் இல்லை என்று தானாகவே முடிவெடுத்திருக்கிறது என்று பொருள். மொத்தத் தொகை நாள் கணக்கைவிட மிகவும் குறைந்திருந்தால் குறுகிய கால அட்டவணையைப் பயன்படுத்தியிருக்கலாம். சதவீதத்தைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். வரி திரும்பவில்லையானால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும். நிறுவனம் கிரெடிட் நோட் போட்டு வரியைச் சரிக்கட்ட அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரை அவகாசம் உண்டு. பணம் முகவர் கணக்குக்குப் போவதற்கும் இடமில்லை. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, ரத்தாகும் பாலிசியின் ப்ரீமியத்தைப் பாலிசிதாரரிடமே நேரடியாகத் தர வேண்டும், எந்த நிலையிலும் முகவர் கணக்கில் வரவு வைக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

பதில் வராவிட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். அதோடு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். தொலைபேசி எண் 155255. 30 நாட்களில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே முதலில் பார்க்கப்படுவது மூன்று தேதிகள்: ஆர்.சி. பெயர் மாறிய நாள், வாங்கியவரின் பாலிசி தொடங்கிய நாள், ரத்து கேட்ட கடிதம் நிறுவனத்தைச் சேர்ந்த நாள். மூன்றாவதற்கு ஒப்புகைச் சீட்டோ மின்னஞ்சல் பதிவோ கையில் இருக்க வேண்டும். கிளையில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்த நாள் கணக்கில் வராது.